மெக்கானிக்கல் எஞ்சினியர் சப்ளை செயின் பிளானிங் வேலைக்கு எழுதும் கவர் லெட்டர்: ஒரு விளம்பரத்துக்கு ஒரு கடிதம்

பிளானிங் வேலைக்கு ஆள் எடுக்கும்போது எனக்கு வரும் கவர் லெட்டர்களில் நிறைய, மெக்கானிக்கல் எஞ்சினியர்கள் எழுதியவை. நானும் மெஷின் ஷாப்பில் ஐந்து வருடம் இருந்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவன் என்பதால், அந்தக் கடிதங்களைக் கொஞ்சம் பொறுமையாகவே படிப்பேன். பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். கடிதம் முழுக்க மெஷினைப் பற்றி இருக்கும். பிளானிங் மேனேஜர் தேடுவதோ வேறு: எந்தப் பொருள், எத்தனை, எந்தத் தேதிக்கு, இப்போது கையில் எவ்வளவு. உங்கள் வேலை மெஷினில் நடந்திருக்கலாம். அதன் விளைவு ஸ்டாக்கிலும் தேதியிலும் எங்கே தெரிந்தது என்பதைக் கண்டுபிடித்து எழுதுவதுதான் இந்தக் கடிதத்தின் முழு வேலையும்.

ஓசூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் நான்கு வருடம் சி.என்.சி. பிரிவில் இருந்த ஒரு தம்பி, கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் சப்ளை பிளானர் வேலைக்கு விண்ணப்பித்தார். அந்தக் கடிதத்தை இரண்டு மாலை உட்கார்ந்து திருத்தினோம். அதையே இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் விளம்பரத்தைப் படியுங்கள், பேனாவோடு

விளம்பரத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் எல்லா வரிக்கும் ஒரே எடை கிடையாது. "நல்ல தகவல் தொடர்புத் திறன்", "குழுவாகப் பணியாற்றும் மனப்பான்மை" மாதிரி வரிகள் எல்லா விளம்பரத்திலும் இருப்பவை. அவற்றை அடித்துவிடுங்கள். மீதி இருப்பதில், அந்தக் கம்பெனிக்கு இப்போது எங்கே வலிக்கிறது என்று பாருங்கள்.

தம்பி கொண்டுவந்த விளம்பரத்தில் அடித்தது போக மிஞ்சியவை இவை: எந்தப் பொருள் எப்போது எவ்வளவு வேண்டும் என்று சிஸ்டம் போடும் தேவைக் கணக்கை, அதாவது எம்.ஆர்.பி.யை, ஓட்டி அதில் வரும் கொள்முதல் கோரிக்கைகளைச் சரிபார்ப்பது. வார்ப்புச் சப்ளையர்களோடு வாராந்திர ஷார்ட்டேஜ் லிஸ்ட்டைத் தொடர்வது. சீசனுக்கு முன் ஷார்ட்டேஜ் வராமல் பார்ப்பது. இன்வென்ட்டரி நாட்களைக் குறைப்பது. மாதாந்திர விற்பனை-உற்பத்தித் திட்டக் கூட்டத்துக்கு, அதாவது எஸ் அண்ட் ஓ.பி.க்கு, கணக்குத் தயாரிப்பது, எஸ்.ஏ.பி., எக்செல் தெரிந்திருப்பது.

"ஷார்ட்டேஜ்" என்ற சொல் இரண்டு தடவை வருகிறது. அதோடு சேர்த்து இன்வென்ட்டரியையும் குறைக்கச் சொல்கிறார்கள். இரண்டையும் ஒன்றாகப் படித்தால் விஷயம் புரியும். குடோனில் சரக்கு நிறைய இருக்கிறது, ஆனால் வேண்டிய சரக்கு இல்லை. விவசாய பம்புகளுக்குக் கோடையில்தான் கிராக்கி. அந்த நேரத்தில் ஒரு ஹவுசிங் வார்ப்பு வராமல் போனால், மோட்டாரும் இம்பெல்லரும் வந்து குவிந்து கிடக்க, பம்ப் மட்டும் வெளியே போகாது. கடிதம் இந்த வலிக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். விளம்பரத்தின் பத்து வரிக்கும் பதில் எழுதினால் எதுவுமே மனசில் நிற்காது. இரண்டு வரியை எடுத்துக்கொள்ளுங்கள், மூன்றாவதாக உங்களிடம் இல்லாத ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். போதும்.

உங்கள் வேலையைப் பிளானர் கண்ணால் பாருங்கள்

இதில்தான் நேரம் போகும். போகட்டும்.

தம்பி முதலில் எழுதிய வரி இது: "ஃபிக்ஸரை மறுவடிவமைத்து, சி.என்.சி. செட்டப் நேரத்தை 90 நிமிடத்திலிருந்து 40 நிமிடமாகக் குறைத்தேன்." நல்ல வேலைதான். புரொடக்‌ஷன் மேனேஜர் படித்தால் மகிழ்வார். பிளானிங் மேனேஜருக்கு அடுத்த கேள்விதான் முக்கியம். நான் அதைக் கேட்டேன்.

"சரி, செட்டப் நேரம் குறைஞ்சதால ஸ்டாக்குல என்ன மாறுச்சு?"

"அது தெரியலையேண்ணா. நான் மெஷின் பக்கம்தான் பார்த்தேன்."

"அசெம்பிளி லைனுக்கு முன்னாடி ஹவுசிங் நிக்குமே, எத்தனை டிராலி?"

மறுநாள் போய் ஸ்டோர்ஸில் கேட்டுவந்தார். முன்பு எப்போதும் 18 டிராலி நிற்குமாம், இப்போது 12 தானாம். ஏன் என்று இருவரும் கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

அந்த லைனில் ஆறு ரக ஹவுசிங் ஓடுகிறது. வாரம் ஆறு நாள் வேலை. செட்டப்புக்கு 90 நிமிடம் ஆனபோது, ஒரு நாளைக்கு ஒரு ரகம்தான் ஓட்டினார்கள். அதனால் ஒவ்வொரு ரகமும் ஆறு நாளுக்கு ஒரு முறைதான் திரும்ப வரும். ஒரு தடவை ஓட்டினால் ஆறு நாள் தேவைக்கு ஓட்டியாக வேண்டும். அந்த ஸ்டாக் ஆறு நாளில் ஆரம்பித்துச் சுழியத்துக்கு இறங்கும், சராசரி மூன்று நாள். அதன் மேல் பாதுகாப்புக்கு ஒன்றரை நாள் வைத்திருந்தார்கள். மொத்தம் நாலரை நாள்.

செட்டப் 40 நிமிடமானதும் ஒரே நாளில் இரண்டு ரகம் ஓட்ட முடிந்தது. இரண்டு செட்டப்புக்கும் சேர்த்து 80 நிமிடம்தான், முன்பு ஒன்றுக்குப் போன 90-ஐவிடக் குறைவு. ஒவ்வொரு ரகமும் மூன்று நாளுக்கு ஒரு முறை வந்தது. சராசரி ஒன்றரை நாள், பாதுகாப்பு ஒன்றரை நாள், ஆக மூன்று நாள். ஒரு நாளுக்கு நாலு டிராலி என்றால் 18 டிராலி 12 ஆனது சரியாகப் பொருந்துகிறது.

இன்னொன்றும் இதில் இருக்கிறது, தம்பி கவனிக்காதது. அசெம்பிளியில் திடீரென்று ஒரு ரகம் அதிகமாகக் கேட்டால், முன்பு அதன் முறை வர ஆறு நாள் வரை காத்திருக்க வேண்டும். இப்போது அதிகபட்சம் மூன்று நாள். ஸ்டாக்கும் குறைந்தது, ஷார்ட்டேஜ் வந்தால் மீளும் நேரமும் பாதியானது. விளம்பரம் கேட்ட இரண்டு வலிக்கும் ஒரே வேலையில் பதில் கிடைத்துவிட்டது. ஃபிக்ஸர் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்கூடத் தேவையில்லை.

உங்களிடம் செட்டப் நேரம் பற்றிய வேலை இல்லாமல் இருக்கலாம். மெயின்டனன்ஸில் இருந்தவருக்கு மெஷின் நின்றுபோன நேரம் குறைந்ததால் தாமதமான டெஸ்பாட்ச் குறைந்திருக்கும். டிசைனில் இருந்தவர் இரண்டு பாகத்தை ஒன்றாக்கியதால் பாகப் பட்டியலில் ஒரு வரி போயிருக்கும், அதோடு ஒரு சப்ளையரைத் துரத்தும் வேலையும் போயிருக்கும். எதுவானாலும் ஸ்டோர்ஸ், டெஸ்பாட்ச், பர்ச்சேஸ் இந்த மூன்று மேசைக்கும் நடந்து போய்க் கேளுங்கள். உங்கள் வேலையின் மீதிக் கதை அங்கேதான் இருக்கும்.

எஞ்சினியருக்கு மட்டும் தெரிந்த ஒன்று

"எம்.பி.ஏ. படித்தவர்கள் இருக்கும்போது என்னை ஏன் எடுப்பார்கள்?" என்று தம்பி கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலும் கடிதத்தில் இருக்க வேண்டும்.

வார்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபவுண்டரியிலிருந்து வந்தபோது வெளியே நன்றாக இருக்கும். மெஷினில் ஏற்றி இரண்டு மில்லி எடுத்ததும் உள்ளே இருக்கும் ஊதுதுளை வாயைத் திறக்கும். நூற்றுக்கு ஆறு இப்படிப் போகிறது என்று வையுங்கள். ஆயிரம் பம்புக்கு எம்.ஆர்.பி. ஆயிரம் வார்ப்பு கேட்டால் கடைசியில் தேறுவது 940. அறுபது பம்ப் நிற்கும், ஃபவுண்டரியிலிருந்து அடுத்த லோடு வரும் வரை. ஆயிரம் நல்ல பாகம் வேண்டுமென்றால் 1000-ஐ 0.94-ஆல் வகுத்து 1,064 கேட்க வேண்டும். பாகப் பட்டியலில் அந்தக் கழிவு சதவீதத்தை ஏற்றியிருந்தால் சிஸ்டமே கூடுதலாகக் கேட்கும். ஏற்றாமல் விட்டாலும், மூன்று வருடத்துக்கு முந்தைய சதவீதமே கிடந்தாலும், ஒவ்வொரு மாதமும் அதே ஷார்ட்டேஜ் திரும்பி வரும். எந்த ரகத்தில் எவ்வளவு கழிகிறது என்பது மெஷின் பக்கம் நின்றவனுக்குத் தெரியும். தம்பிக்குத் தெரிந்திருந்தது, ரகவாரியாக. இதைக் கடிதத்தில் இரண்டு வரியில் சொன்னால், எஞ்சினியர் ஏன் வேண்டும் என்ற கேள்விக்கு வேறு வாதம் தேவையில்லை.

இல்லாததை எப்படிச் சொல்வது

தம்பிக்கு எஸ் அண்ட் ஓ.பி. அனுபவம் சுத்தமாக இல்லை. எஸ்.ஏ.பி.யில் உற்பத்தி ஆர்டருக்கு `CO11N`-இல் கன்ஃபர்மேஷன் போடுவார், `MD04` திரையைத் திறந்து ஸ்டாக்கும் தேவையும் பார்ப்பார், அவ்வளவுதான். எம்.ஆர்.பி. ஓட்டியதில்லை. முதல் வரைவில் "எஸ்.ஏ.பி.யில் தேர்ச்சி" என்று எழுதியிருந்தார். அதை நான் எடுக்கச் சொன்னேன். நேர்காணலில் "`MD04`-இல் தேதியை முன்னால் இழுக்கச் சொல்லி ஒரு செய்தி வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று ஒரு கேள்வி வந்தால் போதும், தேர்ச்சி என்ற சொல் நம் மேலேயே விழும். தொட்ட திரையின் பெயரை எழுதினால், படிப்பவருக்கு உங்கள் அளவு தெரிந்துவிடும். நம்பிக்கையும் வரும்.

இல்லை என்று மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. பிளானிங் கணக்கை எங்காவது, சின்னதாகவாவது, கையால் போட்டுப் பார்த்ததைக் காட்டுங்கள். இதற்கு இன்னொரு கம்பெனிக்குப் போக வேண்டாம். தம்பியின் ஷாப்பில் ஒரு கார்பைடு இன்செர்ட் அடிக்கடி தீர்ந்துபோய் மெஷின் நின்றது. டூல் ஸ்டோர்ஸில் "100-க்குக் கீழே போனால் ஆர்டர்" என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அந்த நூறு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. தம்பி டூல் ஸ்டோர்ஸின் இஷ்யூ ரெஜிஸ்டரை எடுத்து எக்செலில் ஏற்றினார். நாளுக்குச் சராசரி 12 போகிறது, ஏற்ற இறக்கத்தின் திட்ட விலக்கம் 4. ஆர்டர் போட்டு வந்து சேர 9 நாள். அப்படியென்றால் அந்த 9 நாளுக்கே 108 வேண்டும். நூறில் ஆர்டர் போட்டால் சரக்கு வருவதற்குள் தீர்ந்துபோகத்தானே செய்யும்? எத்தனைக்கு இறங்கினால் ஆர்டர் போட வேண்டும் என்ற மறு-ஆர்டர் அளவை, அதாவது ROP-ஐ, இப்படிக் கணக்கிட்டார்:

```
ROP = (12 × 9) + (1.65 × 4 × √9) ≈ 108 + 20 = 128
```

இன்செர்ட் பெட்டிக்குப் பத்தாக வருவதால் 130 என்று மாற்றினார். 1.65 என்பது ஒவ்வொரு ஆர்டர் சுற்றிலும் தீராமல் இருக்க ஏறக்குறைய 95 சதவீத வாய்ப்புக்கான எண். இந்தக் கணக்கு சப்ளையர் ஒன்பது நாளில் சரியாகக் கொண்டுவருவார் என்று நம்புகிறது. அவர் தாமதித்தால் இது போதாது. அந்த வரம்பையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், நேர்காணலில் அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

ஏன் மாறுகிறேன்

இந்தப் பத்திக்கு இரண்டு வாக்கியம் போதும். ஷிஃப்ட் வேலை அலுத்துவிட்டது, சம்பளம் பத்தவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் கடிதத்தில் வேண்டாம். படிப்பவரின் பயம் ஒன்றுதான்: ஆறு மாதத்தில் திரும்ப மெஷின் பக்கம் ஓடிவிடுவாரோ? நீங்கள் இந்த வேலையின் ஒரு துண்டை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டு வருகிறீர்கள் என்று தெரிந்தால் அந்தப் பயம் குறையும். அந்தத் துண்டையே காரணமாகச் சொல்லுங்கள்.

முதலில் தமிழில் எழுதுங்கள்

அனுப்பப்போவது ஆங்கிலக் கடிதம்தான். ஆனாலும் முதல் வரைவைத் தமிழில் எழுதச் சொன்னேன். ஆங்கிலத்தில் உட்கார்ந்தால் கை தானாகவே ஊர்ப்பட்ட அலங்கார வாக்கியங்களை எழுதிவிடும். தமிழில் எழுதினால் "இதுல என்ன சொல்ல வர்றேன்?" என்று நாமே கேட்டுக்கொள்வோம். இரண்டாம் மாலை முடிவில் வந்த வரைவு இது:

> மதிப்பிற்குரிய பிளானிங் மேலாளர் அவர்களுக்கு,
>
> உங்கள் கோயம்புத்தூர் ஆலையின் சப்ளை பிளானர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். வார்ப்பு ஷார்ட்டேஜைத் தவிர்ப்பதும் இன்வென்ட்டரி நாட்களைக் குறைப்பதும் இந்தப் பணியின் முக்கியப் பொறுப்புகள் என்று விளம்பரத்திலிருந்து புரிந்துகொண்டேன். நான்கு வருடமாக வார்ப்பு ஹவுசிங்குகளை மெஷினிங் செய்யும் பிரிவில், இதே இரண்டு சிக்கலோடுதான் வேலை செய்துவருகிறேன்.
>
> எங்கள் லைனில் ஆறு ரகங்கள் ஓடுகின்றன. செட்டப் நேரத்தை 90 நிமிடத்திலிருந்து 40 நிமிடமாக்கும் வேலையை மூன்று பேர் கொண்ட குழுவில் முன்னின்று செய்தேன். இதனால் ஒவ்வொரு ரகத்தையும் ஆறு நாளுக்குப் பதில் மூன்று நாளுக்கு ஒரு முறை ஓட்ட முடிந்தது. அசெம்பிளிக்கு முன் நிற்கும் ஸ்டாக் நாலரை நாளிலிருந்து மூன்று நாளாக இறங்கியது. அவசரத் தேவை வந்தால் காத்திருக்கும் நேரமும் பாதியானது.
>
> வார்ப்புகள் மெஷினிங்கில் கழியும் சதவீதத்தை ரகவாரியாகப் பதிவு செய்துவருகிறேன். பாகப் பட்டியலில் இருக்கும் கழிவு சதவீதம் உண்மை நிலையோடு பொருந்தாதபோது, எம்.ஆர்.பி. குறைவாகக் கேட்டு ஷார்ட்டேஜ் வருவதை நேரில் பார்த்திருக்கிறேன். சீசனுக்கு முன் உங்கள் ஹவுசிங்குகளில் இதைச் சரிபார்ப்பது என் முதல் வேலைகளில் ஒன்றாக இருக்கும்.
>
> எஸ் அண்ட் ஓ.பி. கூட்டத்தில் இதுவரை பங்கேற்றதில்லை. எஸ்.ஏ.பி.யில் உற்பத்தி கன்ஃபர்மேஷனும் `MD04` பார்வையும் தினசரி செய்கிறேன், எம்.ஆர்.பி. ஓட்டியதில்லை. அடிக்கடி தீர்ந்துபோன ஒரு டூல் இன்செர்ட்டின் மறு-ஆர்டர் அளவை, இஷ்யூ பதிவுகளிலிருந்து எக்செலில் கணக்கிட்டு 100-லிருந்து 130-ஆக மாற்றினேன். அந்தக் கணக்கைப் போட்டபோதுதான், பாகத்தைச் செய்வதைவிட அது எப்போது, எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்யும் வேலையைச் செய்ய விரும்புகிறேன் என்பது எனக்குத் தெளிவானது.
>
> என் நோட்டீஸ் காலம் 60 நாள். கணக்குத் தாள்களோடு நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறேன்.

"மூன்று பேர் கொண்ட குழுவில்" என்ற சொற்களைக் கவனியுங்கள். முதல் வரைவில் அது இல்லை. தனியாகச் செய்ததாகத் தொனித்தால், நேர்காணலில் "அசெம்பிளி ஆட்கள் என்ன சொன்னார்கள்?" என்று கேட்டதும் கதை ஆட்டம் காணும். குழுவைச் சொன்னால் உங்கள் மதிப்பு குறையாது. பிளானர் வேலையே பத்துப் பேரிடம் பேசி நடத்துவதுதான்.

ரூபாய்க் கணக்கு கடிதத்தில் இல்லாததும் வேண்டுமென்றே செய்தது. வாடிக்கையாளர் பெயர், பாகத்தின் விலை, மாத உற்பத்தி எண்ணிக்கை இவை உங்கள் இப்போதைய கம்பெனியின் ரகசியம். நாள், நிமிடம், சதவீதம் இவற்றிலேயே சொல்லிவிடலாம். அதேபோல "கணக்குத் தாள்கள்" என்றால் நீங்களே மாதிரி எண் போட்டுத் தயாரித்த தாள். ஆபீஸ் கோப்பை எடுத்துக்கொண்டு போனால், நாளைக்கு நம் கோப்பையும் இவர் எடுத்துப் போவார் என்றுதான் எதிரில் இருப்பவர் நினைப்பார்.

அனுப்பும் முன்

இரண்டு சோதனை செய்யுங்கள். ஊர்ப் பெயரையும் பதவிப் பெயரையும் விரலால் மூடிக்கொண்டு படியுங்கள். இதையே ஒரு சோப்பு கம்பெனிக்கும் அனுப்பலாம் போலிருந்தால், விளம்பரத்துக்குத் திரும்பிப் போங்கள். தம்பியின் கடிதத்தில் வார்ப்பு, ஹவுசிங், சீசன் என்ற மூன்று சொற்கள் அதைத் தடுக்கின்றன.

அடுத்து ஒவ்வொரு எண்ணையும் தொட்டு மூன்று கேள்வி கேளுங்கள்: எப்படி அளந்தீர்கள், எத்தனை நாள் அளந்தீர்கள், இந்த மாற்றத்துக்கு வேறு காரணம் இருக்க முடியாதா? மூன்றாவது கேள்வியில்தான் தம்பி தடுமாறினார். ஒருவேளை அந்த மாதங்களில் ஆர்டரே குறைந்ததால் டிராலி குறைந்திருந்தால்? மறுபடி போய்ப் பார்த்தார். அசெம்பிளியின் தினசரி எண்ணிக்கை முன்பு போலவே இருந்தது. அதன் பிறகுதான் அந்த வரியை அப்படியே வைத்தோம்.

ஆங்கிலத்தில் மாற்றும்போது ஒரு பக்கத்தைத் தாண்ட விடாதீர்கள். மெயில் என்றால் கடிதத்தை மெயிலின் உடம்பிலேயே ஒட்டுங்கள், ரெஸ்யூமை மட்டும் இணையுங்கள். போனில் படிப்பவர் இரண்டு இணைப்பைத் திறக்க மாட்டார். தலைப்பில் பதவிப் பெயர், விளம்பர எண், உங்கள் பெயர். அப்புறம், கடிதத்தில் இருக்கும் எண்களும் ரெஸ்யூமில் இருக்கும் எண்களும் ஒன்றுதானா என்று கடைசியாக ஒரு தடவை பாருங்கள். தம்பியின் ரெஸ்யூமில் செட்டப் நேரம் இன்னும் 45 நிமிடம் என்றே இருந்தது. பழைய அளவு. அதை 40 ஆக்கிவிட்டுத்தான் அனுப்பினோம்.